கிரெடிட் சேரும், தாள் குறையுமா?

பொன்னேரியில் என் வீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் வந்தார். என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் தம்பி. வயது 29. இயந்திரவியல் டிப்ளமோ முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அழுத்தக் கலன்கள் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் ஆலையில் ஆறு ஆண்டுகளாகத் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பற்றவைத்த இணைப்புகளுக்குள் வெடிப்போ வெற்றிடமோ இருக்கிறதா என்று ஒலி அலைகளைச் செலுத்திக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்த அல்ட்ராசோனிக் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற்றவர். வேலை பார்ப்பவர்களுக்கென மாலை நேரத்தில் நடத்தப்படும் பி.இ. வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தார்.

பிளாஸ்டிக் கோப்பிலிருந்து சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். “சார், நான் தினமும் செய்யுற வேலையவே எனக்கு ஒரு பாடமா வச்சிருக்காங்க. இதைக் காட்டினா அந்தப் பாடத்துல விலக்கு கிடைக்குமா? கிரெடிட் பேங்க்னு ஒண்ணு வந்திருக்காமே?”

பொருளியல் ஆசிரியரான எனக்கு ஒலி அலைகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால், பாடத்திட்டக் குழுக்களிலும் இணைத்தன்மைக் குழுக்களிலும் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில், அவருடைய கேள்வி எந்த மேசையில் போய் நிற்கும் என்பது தெரியும். உடனே பதில் சொல்லாமல், சான்றிதழின் நகலையும் பாடத்திட்டத்தையும் விட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டேன். அவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரியவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வங்கியில் என்ன இருக்கிறது?

முதலில் அந்த வங்கி. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகள் ஒரு மின்னணுக் கணக்கில் சேர்கின்றன. அவை அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லுபடியாகும். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட்டுகளை ஈட்டியிருக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒரு விதியும் உண்டு: மாணவர் தாமே சான்றிதழைக் கொண்டுபோய் அந்த வங்கியில் போட முடியாது. பதிவுபெற்ற கல்வி நிறுவனம்தான் போட வேண்டும். நம் இளைஞரின் சான்றிதழை வழங்கியது அவருடைய ஆலை. ஆலை கல்வி நிறுவனம் அல்ல. ஆகவே, வங்கியின் வாசலிலேயே அவர் நின்றுவிடுகிறார்.

அதன் பிறகு 2023இல் வந்தது தேசிய கிரெடிட் கட்டமைப்பு. பள்ளி, தொழிற்பயிற்சி, கல்லூரி ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது அதன் நோக்கம். ஆண்டுக்கு 1,200 கற்றல் மணி நேரம், 40 கிரெடிட். அதாவது 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். பணி அனுபவத்தின் ஆண்டுகளைப் பொறுத்து அந்தக் கிரெடிட்டை இரு மடங்கு வரை உயர்த்திக் கணக்கிடவும் அதில் இடம் இருக்கிறது. தாளில் பார்த்தால் தொழிலாளிக்குச் சாதகமான ஏற்பாடுதான். சாதகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உலகெங்கும் ஆலைகள் பின்பற்றும் அமெரிக்க வழிகாட்டு நெறியான எஸ்என்டி-டிசி-1ஏ, அல்ட்ராசோனிக் சோதனையில் முதல் நிலைக்கு 40 மணி நேரம், இரண்டாம் நிலைக்கு மேலும் 40 மணி நேரம் முறையான பயிற்சி வேண்டும் என்கிறது. மொத்தம் 80 மணி நேரம். முப்பதால் வகுத்தால் 2.67 கிரெடிட். இத்தனை ஆண்டு உழைப்பின் அடையாளமாக அவர் உறையிட்டுக் காக்கும் சான்றிதழுக்கு மூன்று கிரெடிட்கூடத் தேறவில்லை. ஆனால், அதே நெறி, பயிற்சிக்கு மேல், அந்தச் சோதனையில் நேரடி வேலை அனுபவமாக முதல் நிலைக்கு 210 மணி நேரமும் இரண்டாம் நிலைக்கு 630 மணி நேரமும் கேட்கிறது. அந்த 840 மணி நேரத்தையும் கற்றலாகக் கொண்டால் 28 கிரெடிட் கூடுதலாக வரும். வேலையில் கழிந்த நேரத்தைக் கற்றல் நேரமாக எண்ணுவதா, வேண்டாமா என்ற ஒரே முடிவு, விடையை மூன்றுக்கும் முப்பதுக்கும் இடையே ஆட்டி வைக்கிறது. இப்படிப்பட்ட கணக்கை நம்பி எந்தப் பாடத்திட்டக் குழுவும் கையெழுத்துப் போடாது. நானும் போட்டிருக்க மாட்டேன்.

ஆழமும் அகலமும்

மணி நேரக் கணக்கை ஒதுக்கிவிட்டு, பாடத்தைப் பாடத்தோடு ஒப்பிட்டேன். குழுக்களில் இதைத்தான் செய்வோம். செய்ய வேண்டியதும் இதுதான்.

சேதமில்லாச் சோதனை என்ற பாடம் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 இயந்திரவியல் பாடத்திட்டத்தில் ஒரு விருப்பப் பாடம். மூன்று கிரெடிட், 45 பாடவேளை, ஐந்து அலகுகள். முதல் அலகு பொது அறிமுகமும் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும். இரண்டாவது, சாயத்தையும் காந்தத் துகளையும் கொண்டு மேற்பரப்பைச் சோதிக்கும் முறைகள். மூன்றாவது, வெப்பப் படமும் சுழல் மின்னோட்டமும். நான்காவது, அல்ட்ராசோனிக் சோதனையும் ஒலி உமிழ்வும். ஐந்தாவது, கதிர்வீச்சுப் படம்.

நம் இளைஞருக்கு நான்காவது அலகில் பெரும்பகுதி தண்ணீர் பட்ட பாடு. கோண ஆய்வுமுனையை எப்படிப் பிடிப்பது, திரையில் எழும் எதிரொலி உண்மையான வெடிப்பா, விளிம்பிலிருந்து திரும்பி வந்த போலியா என்று எப்படிப் பிரித்தறிவது என்பதில் அவருக்குத் தெரிந்தது, அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியருக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால், மற்ற நான்கு அலகுகளுக்கு அந்தச் சான்றிதழில் எதுவும் இல்லை. கிரெடிட் கணக்கில் 2.67க்கும் மூன்றுக்கும் கிட்டத்தட்டப் பொருத்தம். பாடத்தில் பார்த்தால் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எண்கள் எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பில்கூட நான் தந்ததில்லை.

சாயம், காந்தத் துகள், கதிர்வீச்சுப் படம் ஆகிய மூன்றிலும் இரண்டாம் நிலை பெற்றவர்கள் சில ஆலைகளில் இருக்கிறார்கள். அப்படி நான்கு சான்றிதழும் வைத்திருப்பவருக்குப் பாடத்தின் பெரும்பகுதி நிறைந்துவிடும். அவருக்கு முழு விலக்கு கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஒரே ஒரு சான்றிதழ் வைத்திருப்பவருக்கு முழு விலக்கு கொடுத்தால், சுழல் மின்னோட்டம் என்றால் என்னவென்றே அறியாமல் அந்தப் பாடத்தில் தேறியதாக மதிப்பெண் பட்டியலில் வந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஸ்என்டி-டிசி-1ஏ நெறியின்படி சான்று வழங்குபவர் வேலைதரும் நிறுவனம். வேலையை விட்டால் அந்தச் சான்றும் முடிந்துபோகும். புதிய நிறுவனம் மீண்டும் வழங்க வேண்டும். இரண்டாம் படிப்பாண்டில் சான்றிதழைக் காட்டி விலக்கு பெற்றவர், மூன்றாம் ஆண்டில் வேறு ஆலைக்கு மாறினால், அவர் காட்டிய சான்று சட்டப்படி உயிரோடு இல்லை. கற்ற அறிவு எங்கும் போகவில்லை, காகிதம்தான் காலாவதி. இந்தச் சிக்கல் வேண்டாம் என்றால், ஆலைக்கு வெளியே நடக்கும் தேர்வையே குழுக்கள் கேட்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 13805 தரத்தின் அடிப்படையில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சேதமில்லாச் சோதனைக்கான இந்தியச் சங்கம் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. அந்தச் சான்று ஆலை மாறினாலும் கூடவே வரும். நம் ஊர்த் தொழிலாளர்களில் பலருக்கு இந்த இரண்டு வகைச் சான்றுகளுக்கும் உள்ள வேறுபாடு, பணத்தைக் கட்டிப் பயிற்சி முடித்த பிறகே தெரிகிறது.

கணக்கர்களுக்குக் கிடைத்தது எப்படி?

தொழில்முறைச் சான்றைக் கொண்டு பட்டப்படிப்பில் தாள்களைக் குறைப்பது இந்தியாவில் நடக்காத காரியம் அல்ல. பட்டயக் கணக்கர் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, சி.ஏ. பயில்பவர்களுக்கென இக்னோ ஒரு தனி பி.காம். வகுத்தது. இடைநிலைத் தேர்வில் அவர்கள் எழுதும் கணக்கியல் சார்ந்த தாள்களைப் பட்டத்துக்கும் ஏற்றுக்கொண்டு, மீதித் தாள்களை மட்டும் இக்னோவில் எழுதச் சொன்னது. செலவுக் கணக்கர், நிறுவனச் செயலர் படிப்புகளுக்கும் இதே போன்ற ஏற்பாடுகளைச் செய்தது.

அது ஏன் சாத்தியமானது? சி.ஏ. இடைநிலையின் இன்றைய ஆறு தாள்களைப் பாருங்கள்: உயர்நிலைக் கணக்கியல், நிறுவனச் சட்டமும் பிற சட்டங்களும், வரிவிதிப்பு, செலவு மற்றும் மேலாண்மைக் கணக்கியல், தணிக்கையும் நெறிமுறையும், நிதி மேலாண்மையும் உத்தி மேலாண்மையும். எந்த பி.காம். பாடத்திட்டத்தின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைத் திறந்தாலும் ஏறத்தாழ இதே பெயர்களில் தாள்கள் இருக்கும். அச்சிட்ட பாடத்திட்டம், எழுத்துத் தேர்வு, நாடறிந்த கடினம். இரண்டு தரப்பிலும் ஒருவர் உட்கார்ந்து, இந்தத் தாளுக்கு அந்தத் தாள் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டார்கள். விலக்கு பிறந்தது அந்தப் பட்டியலில். கிரெடிட் எண்ணிக்கை அதன் பிறகு நிரப்பப்பட்டது.

ஆனால், இந்தத் தாராளம் அந்த ஒரு வாசலோடு நின்றுவிட்டது. சி.ஏ. இடைநிலை தேறிய ஒருவர் நம் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரியில் பி.காம். சேர்ந்தால், எனக்குத் தெரிந்தவரை, வருமான வரித் தாளை மறுபடியும் முதலிலிருந்து எழுதத்தான் வேண்டும். எதிர்த்திசையில் மட்டும் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது: 55 விழுக்காடு மதிப்பெண் பெற்ற பி.காம். பட்டதாரிக்கு சி.ஏ. அடிப்படைத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. தொழில் அமைப்பு பல்கலைக்கழகத்தை நம்புகிறது. பல்கலைக்கழகம் தொழில் அமைப்பை நம்புவதில்லை.

பல்கலைக்கழகத்தின் அந்தத் தயக்கத்தைத் தரம் பற்றிய கவலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உள்ளே இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஆசிரியர் பணியிடங்கள் வாரத்துக்கு 16 மணி நேரம் என்ற பணிச்சுமைக் கணக்கில் நிற்கின்றன. விலக்கு என்ற சொல் கூட்டத்தில் எழுந்தவுடன், துறைத் தலைவர்களின் மனம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று பேர் குறைவதால் ஒரு மணி நேரமும் குறையப்போவதில்லை. அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனாலும், கல்லூரிக்கு அந்த மூன்று பேரை விலக்குவதால் மிச்சமாவதும் எதுவும் இல்லை, தாளுக்கு இவ்வளவு என்று வரும் தேர்வுக் கட்டணம் மட்டும் போகும். லாபம் முழுவதும் மாணவருக்கு. உழைப்பு முழுவதும் குழுவுக்கு. யாருக்கும் ஆதாயமில்லாத வேலையைக் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும். நானும் ஒத்திவைத்திருக்கிறேன்.

ஐடிஐக்கு நம் மாநிலம் போட்ட பட்டியல்

தொழிலாளிகளின் சான்றுகளுக்கும் இப்படிப் பட்டியல் போட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது இவ்வளவு காலமாக நடப்பதால் யாரும் இதைக் கிரெடிட் மாற்றம் என்று அழைப்பதில்லை. ஆனால், ஓர் ஆண்டின் தாள்கள் முழுவதிலிருந்தும் கிடைக்கும் விலக்கு அது.

இதைவிடவும் நுட்பமானது இன்னொரு ஏற்பாடு. பத்தாம் வகுப்பு முடித்து இரண்டாண்டு ஐடிஐ பயின்றவர், பிளஸ் 2 தேர்வில் தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் எழுதித் தேறினால், பிளஸ் 2 இணைச் சான்று பெறலாம். இங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்: ஐடிஐ எதைக் கற்றுத் தந்தது, எதைக் கற்றுத் தரவில்லை? தொழிற்பாடங்களை ஏற்றுக்கொண்டார், மொழிகளை விடவில்லை. எதை விலக்குவது என்பதோடு எதை விலக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த ஏற்பாட்டுக்கு மரியாதை இருக்கிறது.

இந்த மரியாதை ஏன் முக்கியம் என்பது பழைய கதை ஒன்றைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களின் பட்டங்கள் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. பட்டம் உண்மையானது, பல்கலைக்கழகமும் சட்டப்படி அமைந்தது. ஆனால், வேலைவாய்ப்பு வாசலில் அது ஏற்கப்படவில்லை. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் ஒரு படி இல்லாததுதான் காரணம். விலக்கை வாரி வழங்கும் நிறுவனங்கள் இந்தச் செலவைச் சுமப்பதில்லை. பட்டம் வாங்கியவர்தான் சுமக்கிறார்.

முப்பதும் முப்பத்து நான்கும்

இளைஞர் இரண்டாவது முறை வந்தபோது, அந்த ஒரு பாடத்தில் விலக்கு கிடைத்தாலும் அவருக்கு என்ன மிச்சமாகும் என்று கணக்குப் போட்டோம். அப்போதுதான் அவருடைய உண்மையான சிக்கல் வேறு என்று தெரிந்தது.

டிப்ளமோவும் ஓராண்டுக்குக் குறையாத பணி அனுபவமும் உள்ளவர்களுக்காக, வேலை நேரத்துக்கு ஏற்றபடி பி.இ. நடத்தக் கல்லூரிகளுக்கு 2023-24 முதல் ஏஐசிடிஇ அனுமதி தருகிறது. நல்ல திட்டம். ஆனால், அவர் சேர்ந்த கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் 75 விழுக்காடு வருகை வேண்டும். அவருடைய ஆலை மூன்று ஷிஃப்டில் ஓடுகிறது: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று சுழலும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்புக்கு, முதல் ஷிஃப்ட் வாரத்தில் வரலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் வந்துவிட்டு அங்கிருந்தே ஆலைக்குப் போகலாம். நடு ஷிஃப்ட் வாரத்தில் முடியவே முடியாது.

வாரத்துக்கு மூன்று பாடவேளை, 15 வாரம், மொத்தம் 45. அதில் ஐந்து வாரம் நடு ஷிஃப்ட். 15 பாடவேளை போய்விடும். மற்ற எல்லா நாளும் தவறாமல் வந்தாலும் 30 பாடவேளைதான் தேறும். அதாவது 67 விழுக்காடு. வேண்டியது 34. ஒரு நாள்கூடக் காய்ச்சலில் படுக்காத, ஒரு ரயிலையும் தவறவிடாத மாணவர்கூட, ஷிஃப்ட் சுழலும் ஒரே காரணத்தால் எல்லாப் பாடத்திலும் வருகை குறைந்து நிற்பார். மருத்துவக் காரணத்துக்காக வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆகவே, ஆரோக்கியமான தொழிலாளிகள் பருவந்தோறும் மருத்துவச் சான்றிதழ் வாங்குகிறார்கள். கல்லூரி அறிந்தே ஏற்கும் இந்தப் பொய், எந்தக் கிரெடிட் கட்டமைப்பிலும் பதிவாவதில்லை.

ஆகவே, அவரிடம் இல்லாதது நேரம். தேர்வைப் பற்றி அவர் ஒரு முறையும் கவலைப்படவில்லை. விலக்கு என்று நாம் பேசும்போது தேர்விலிருந்து விலக்கு என்றே பொருள் கொள்கிறோம். அவருக்குத் தேவை வகுப்பில் உட்காருவதிலிருந்து விலக்கு. இந்த இரண்டையும் பிரித்தால் குழுக்களின் தயக்கத்தில் பாதி கரைந்துவிடும் என்பது என் கணிப்பு. பொருத்தமான சான்றிதழ் இருப்பவருக்கு அந்தப் பாடத்தில் வருகை நிபந்தனையை நீக்குங்கள். பருவத் தேர்வை மற்றவர்களோடு எழுதட்டும். தெரியாத நான்கு அலகுகளை அவரே வீட்டில் படித்துக்கொள்வார். படிக்காவிட்டால் விடைத்தாள் சொல்லிவிடும். விலக்கு பெற்ற தாளுக்கு மதிப்பெண் இல்லாததால் தரவரிசையிலும் வகுப்பிலும் எழும் குழப்பமும் எழாது. பின்னாளில் எந்த வேலைவாய்ப்பு அலுவலரும் அந்தப் பட்டத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்க முடியாது. ஆலை மாறிச் சான்று காலாவதியானாலும் தேர்வு முடிவு நிற்கும்.

முழு விலக்குக்கும் ஓரிடம் இருக்கிறது: ஆய்வகம். கோட்பாட்டுப் பாடத்தில் 45 பாடவேளைக்கு மூன்று கிரெடிட். ஆய்வகத்தில் வாரத்துக்கு நான்கு பாடவேளை வீதம் 60 பாடவேளைக்கு இரண்டு கிரெடிட். கிரெடிட்டைப் பார்த்தால் ஆய்வகம் சிறியது. கடிகாரத்தைப் பார்த்தால் அதுதான் பெரியது. அளவீட்டு ஆய்வகத்தில் மைக்ரோமீட்டரும் வெர்னியர் உயரமானியும் சைன் பாரும் பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். ஆறு ஆண்டுகளாக அவற்றைப் பிடித்துச் சம்பளம் வாங்குபவரை 60 பாடவேளை உட்கார வைப்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஒரு பாகத்தையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, அரை நாளில் அளந்து அறிக்கை எழுதச் சொன்னால் போதும். வெளித் தேர்வாளர் ஒருவர் பார்த்து மதிப்பெண் போடலாம். பிரான்ஸில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பணி அனுபவத்தைக் கொண்டே ஒரு பட்டத்தை முழுமையாகப் பெற முடிகிறது. அங்கும் காகிதத்தை எடை போட்டுப் பட்டம் கொடுப்பதில்லை. தேர்வுக் குழுவின் முன் விண்ணப்பதாரர் தம் வேலையை விளக்கியாக வேண்டும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரை நாள் ஆய்வகச் சோதனை போதும்.

இதற்கு எல்லையும் உண்டு. கணிதத்துக்கும் பொருள்களின் வலிமை பற்றிய பாடத்துக்கும் எந்த ஆலைச் சான்றும் ஈடாகாது. டிப்ளமோ வழியாக நேரடி இரண்டாம் ஆண்டுக்கு வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கணிதத்தில்தான் என்பதைப் பொறியியல் கல்லூரி நண்பர்கள் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தாண்டி வந்த முதல் ஆண்டில்தான் அந்தக் கணிதம் இருந்தது. ஒரு விலக்கு தவறாகக் கொடுக்கப்பட்டதா என்று அறிய விரும்புபவர், விலக்கிய பாடத்தைப் பார்க்க வேண்டாம். அதன் மேல் கட்டப்பட்ட அடுத்த பருவத்துப் பாடத்தின் தேர்ச்சியைப் பார்க்க வேண்டும். விலக்கு பெற்றவர்களும் பெறாதவர்களும் அங்கே எப்படி எழுதினார்கள் என்று எந்தக் கல்லூரியும் தன் பதிவேட்டிலிருந்தே ஒரு மாலையில் எடுத்துவிடலாம்.

இளைஞரிடம் சொன்னேன்: சேதமில்லாச் சோதனைப் பாடத்தில் முழு விலக்கு கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்தப் பாடத்துக்கும் அளவீட்டு ஆய்வகத்துக்கும் வருகைத் தளர்வு கேட்டு, பாடத்திட்டத்தின் அலகுகளையும் உங்கள் வேலையையும் வரிக்கு வரி எதிரெதிரே எழுதி, ஆலை மேலாளரின் கையொப்பத்தோடு கல்லூரி முதல்வருக்கு மனு கொடுங்கள். கணிதம் நடக்கும் பருவத்தில் நடு ஷிஃப்டை மாற்றித் தருமாறு ஆலையைக் கேளுங்கள். அதைக் கல்லூரி தர முடியாது.

இரண்டு பக்க மனுவை என் மேசையிலேயே எழுதி முடித்தார். நான்காவது அலகுக்கு எதிரே எழுத இடம் போதாமல் தனித்தாள் ஒன்றை இணைத்தார். மூன்றாவது அலகுக்கு எதிரே, நான் சொல்லாமலேயே, ‘தெரியாது, படித்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார். மனு இப்போது கல்லூரியின் குழுவில் இருக்கிறது. ஆலை அவருக்குத் திங்கள், புதன் மாலைகளில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அனுமதித்துவிட்டது.